எதிரில் ஐந்தாம் எண்

அமாவாசையன்று ஆரணியில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் கேட்காது. கைத்தறி வீடுகளில் அன்றைக்கு யாரும் தறிக்குழியில் கால் வைக்க மாட்டார்கள். காலையில் தலைக்குக் குளித்து, படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்து முடித்தால் மதியத்துக்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அந்த வெறும் மதியத்தில்தான் நாங்கள் வாலிபால் ஆடத் தொடங்கினோம். நாற்பதைத் தாண்டிய பெண்கள், சுடிதாருக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால் இருந்த மண் தரையில் குதிப்போம்.

முதல் மாதம் தெரு ஆண்கள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே சுவர்ப் பக்கம் நடந்தேன். அதற்கப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்குக் கோபம் சட்டென்று வரும். இதை நான் மறைப்பதில்லை, மறைத்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரு வருடத்தில் செய்தி பரவி, சேவூரில் ஓர் அணி, போளூரில் ஓர் அணி, படவேட்டிலிருந்து கடலைக்காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் ஓர் அணி என்று மொத்தம் எட்டு அணி சேர்ந்துவிட்டது. எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை ஆடுகிற மாதிரி போட்டி வைக்கலாம் என்று பேச்சு வந்தது. தோற்றதும் வீட்டுக்குப் போகிற போட்டி வேண்டாம் என்று எல்லோருமே சொன்னார்கள். சேவூர்க்காரி ஒருத்தி, "ஒரு ஆட்டம் தோத்துட்டு வூட்டுக்குப் போவறதுக்கா இவ்ளோ சண்டை போட்டு லீவு வாங்கிகினு வந்தோம்?" என்று கேட்டாள். நியாயம்தான். ஆளுக்கு ஏழு ஆட்டம், மாதம் ஒன்று, மாசியில் தொடங்கினால் ஆவணி அமாவாசையில் முடியும்.

யார் யாரோடு எப்போது ஆடுவது என்று அட்டவணை போட எனக்குத் தெரியும் என்று சொன்னேன். உண்மையில் எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் வேறொருத்தி. கலசப்பாக்கம் அணி அனுப்பிய ஆள் பட்டியலில் மூன்றாவதாக இருந்தது அவளுடைய பெயர்.

நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூட அணியில் ஒன்றாக ஆடியவர்கள். நான் லிஃப்டர். வலைக்குப் பக்கத்தில் நின்று பந்தை மேலே தூக்கிக் கொடுப்பது என் வேலை. அவள் ஓடி வந்து, இடது கால் முதலில் எழும்ப, குதித்து அடிப்பாள். நான் தூக்குவதும் அவள் அடிப்பதும் மூன்று வருடம் நடந்தது. அவள் எங்கே குதிப்பாள், கை எந்த உயரத்துக்குப் போகும் என்பதை நான் திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. பந்து என் விரலை விட்டுப் போகும்போதே அவள் அங்கே இருப்பாள். அந்த மாதிரி ஒருத்தி எனக்கு அதற்கு முன்னாலும் கிடைக்கவில்லை, பின்னாலும் கிடைக்கவில்லை.

வகுப்புகளுக்குள் போட்டி வைக்கும்போது பி.டி. டீச்சர் அட்டவணை எழுதும் வேலையை எங்கள் தலையில் கட்டிவிடுவார். அவள் மைதானத்து மண்ணில் குச்சியால் இரண்டு வரிசை கீறுவாள். மேல் வரிசையில் 1, 2, 3, 4. கீழ் வரிசையில் 1க்கு நேர் கீழே 8, அப்புறம் 7, 6, 5. மேலும் கீழுமாக நேருக்கு நேர் இருப்பவர்கள் ஆட வேண்டும். அடுத்த சுற்றுக்கு 1 மட்டும் அசையாமல் இருக்கும். மிச்ச ஏழும் கடிகார முள் போகிற பக்கமாக ஓர் இடம் நகரும். இப்படி ஏழு சுற்று. இருபத்தெட்டு ஆட்டமும் வந்துவிடும், ஒன்றும் விட்டுப்போகாது, ஒன்றும் இரண்டு தடவை வராது.

"ஒருத்தி நிக்கணும்டி. மத்தவங்க சுத்தணும்," என்பாள்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் அவளுக்கு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது. எனக்கும் கிடைத்தது. என் அப்பா, "பொண்ணு வெளியூர்ல தங்கறதா?" என்ற ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். அவள் கிளம்பிய அன்று நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. அவள் எனக்காக இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினாள் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். நான் வீட்டில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? அவள் விடுதியிலிருந்து மூன்று கடிதம் போட்டாள். நான் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. நான்காவது வரவில்லை. அவள் கலசப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டது, பிள்ளைகள் பிறந்தது எல்லாம் யார் யாரோ சொல்லித்தான் தெரியும். இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. ஆரணிக்கும் கலசப்பாக்கத்துக்கும் நடுவில் அப்படி ஒன்றும் கடல் இல்லை, பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். நான் ஏறவில்லை, அவ்வளவுதான்.

ஆக, இந்தப் போட்டியில் எனக்கு வேண்டியது கோப்பை கிடையாது. வலைக்கு அந்தப் பக்கம் ஒரு தடவை அவள் வந்து நிற்க வேண்டும். நாங்கள் எப்போதும் ஒரே பக்கத்தில் நின்றவர்கள், எதிரெதிரே நின்றதே இல்லை. போய்ப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. ஆட்டம் என்று வந்தால் வலைக்குக் கீழே கை கொடுத்தாக வேண்டும், அதை யாரும் தவிர்க்க முடியாது. அந்தக் கைக்காகத்தான் இத்தனையும்.

எட்டு கேப்டன்களும் எங்கள் வீட்டில் கூடினார்கள். டிபன் பாக்ஸில் சீட்டுப் போட்டு எடுத்தோம். எங்களுக்கு 1 வந்தது. கலசப்பாக்கத்துக்கு 5. மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நான் நிற்கிறேன், மற்றவர்கள் நகர்கிறார்கள். எனக்கு எதிரில் முதலில் எட்டு, அப்புறம் ஏழு, ஆறு, நான்காவதாக ஐந்து. வைகாசி அமாவாசை! பட்டுச்சேலை வைக்கிற அட்டைப்பெட்டியின் மூடியில் இரண்டு வரிசைக்குக் கோடு போட்டு, எட்டுத் துண்டு அட்டையில் எண் எழுதி, குண்டூசியால் குத்தி எல்லோருக்கும் காட்டினேன்.

படவேட்டு கேப்டன் உரத்த குரல்காரி. காட்டில் கூப்பிட்டுப் பழகிய குரல். அட்டையை உற்றுப் பார்த்துவிட்டு, "அது இன்னா, ஒண்ணாம் நம்பர் மட்டும் நகராம உக்காந்துகினு இருக்குது?" என்று கேட்டாள்.

"அப்டித்தாங்க போடணும்."

"அப்டின்னா மொத ஜோடி எப்பவும் நீங்கதான். மொத ஜோடிக்குத்தான வேப்பமர நிழல் கோர்ட்டு, மொத ஆட்டம்? சித்திரை வெயில்ல நாங்க வெந்துகினு கெடப்போம், நீங்க நிழல்ல ஆடிட்டு ஜல்தியா வூட்டுக்குப் போயி காபி குடிப்பீங்க!"

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவள் சொன்னதில் பாதி சரி. இடது கோடி ஜோடிக்கு நிழல் என்று நான்தான் யோசிக்காமல் எழுதி வைத்திருந்தேன். யார் யாரோடு ஆடுவது என்பது ஒரு காரியம், எந்தக் கோர்ட்டில் எப்போது ஆடுவது என்பது வேறு காரியம், அதைத் தனியாகச் சீட்டுப் போட்டால் தீர்ந்தது. இன்றைக்குச் சொல்ல வருகிறது, அன்றைக்கு வரவில்லை. எனக்காக நானே சலுகை எடுத்துக்கொண்டேன் என்று அத்தனை பேரும் நினைக்கிறார்களே என்று காது சூடாகிவிட்டது. உள்ளுக்குள் வேறொரு குறுகுறுப்பு. எனக்கு ஓர் ஆசை இருந்ததே, அதுவும் இவர்களுக்குத் தெரிந்துவிட்டதோ என்று.

"வாலிபால்ல யாருங்க ஒரே எடத்துல நிக்கிறாங்க? சர்வீஸ் மாறுனா ஆறு பேரும்தான சுத்தறோம்?" என்றாள் படவேட்டுக்காரி.

அதற்கு எட்டுத் தலையும் ஆடியது. எங்கள் விளையாட்டில் அது ரத்தத்தில் ஊறிய விஷயம். சர்வீஸ் கைக்கு வந்தால் ஆளுக்கு ஓர் இடம் நகர வேண்டும், நகராமல் நின்றால் தப்பு, விசில் அடிப்பார்கள்.

"சரி! சுத்திக்கோங்க! எட்டும் சுத்தட்டும், எனக்கின்னா போச்சு?" என்று அட்டையைத் தரையில் வைத்தேன். எப்படிச் சுற்றினாலும் ஏழு சுற்றில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருத்தி நிற்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் அவள் சொன்னது மண்டையில் இருந்தது. எதற்காக நிற்க வேண்டும் என்பது இல்லை. அவள் சொல்லியிருப்பாள், நான்தான் கேட்டிருக்க மாட்டேன்.

மொத்த அட்டவணையையும் அன்றே எழுதிப் பார்த்திருந்தால் பேஜாரே இல்லை. நாங்கள் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு அமாவாசையும் ஆட்டம் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் அட்டைகளை ஓர் இடம் நகர்த்துவது, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது என்று முடிவாயிற்று.

மாசியில் படவேட்டோடு ஆடினோம், 8ஆம் எண். அன்றைக்குத்தான் இத்தனை வருடத்துக்கு அப்புறம் அவளைப் பார்த்தேன். பக்கத்துக் கோர்ட்டில் இருந்தாள். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தது, காதோரம் நரை. குதிக்கும்போது மட்டும் அந்தப் பழைய இடது கால். அவளும் பார்த்தாள். தலையை லேசாக அசைத்தாள். நானும் அசைத்தேன். போய் நாலு வார்த்தை பேசியிருந்தால் என்ன? கால் போகவில்லை. எப்படியும் எதிரில் வரத்தானே போகிறாள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பங்குனியில் எங்களுக்கு 6. சித்திரையில் 4, அது சேவூர். வைகாசியில் 2. ஒவ்வொரு மாதமும் அட்டையை நகர்த்தும்போது ஐந்து எங்கே என்றுதான் என் கண் போகும். எங்களுக்கு மூன்று ஜோடி தள்ளி, இல்லையென்றால் பக்கத்து ஜோடியில் என்று எங்கேயாவது இருக்கும். மாதம் முழுக்கத் தறியில் உட்கார்ந்து அடுத்த அமாவாசையை எண்ணிக்கொண்டிருப்பேன். இந்த வயதில் ஒருத்தியை ஒரு மைதானத்தில் தூரத்திலிருந்து பார்ப்பதற்காக முப்பது நாள் காத்திருந்தேன் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் காத்திருந்தேன். வீட்டில் அவருக்குக் கூடத் தெரியாது.

வைகாசியில் ஆட்டம் முடிந்து எல்லோரும் மூட்டை கட்டும்போது கலசப்பாக்கம் கேப்டன் என்னிடம் வந்தாள். "யக்கா, எங்க டீம்ல ஒரு ஆள் மாத்தணும். இவங்க ஆனி அமாவாசை வரிக்கும்தான் இருப்பாங்க. வூட்டுக்காரருக்கு ஐதராபாத் மாத்தலாயிடுச்சு, குடும்பத்தோட போறாங்க." கையால் அவளைக் காட்டினாள். அவள் தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு மிச்சம் ஒரே ஓர் அமாவாசை. சரி, நாலு பேரைப் பார்த்தாயிற்று, மிச்ச மூன்றில் அடுத்தது ஐந்தாகவே இருக்கட்டும் என்று அவசரமாக அட்டைகளைப் பிடுங்கி நகர்த்தினேன். எனக்கு எதிரில் 8 வந்து நின்றது.

தப்பாகக் குத்திவிட்டேன் என்று மறுபடி எடுத்து மறுபடி குத்தினேன். திரும்பவும் 8. படவேட்டு கேப்டன் எட்டிப் பார்த்து, "நம்ம ரெண்டு பேரும்தான் மாசியில ஆடிட்டமே?" என்றாள். மற்ற மூன்று ஜோடியும் மாசியில் ஆடிய அதே ஜோடிகள். போன வேகத்தில் முதல் சுற்றே திரும்பி வந்துவிட்டது. ஆளாளுக்குக் கத்தத் தொடங்கினார்கள். நான் அட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கூடத்தில் விரித்து வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் புரிந்தது, புரிந்ததும் அழுகை வந்தது. எல்லோரும் நகர்ந்தால் மேல் வரிசை வலது பக்கம் போகிறது, கீழ் வரிசை இடது பக்கம் வருகிறது. நான் ஓர் இடம் போக, எதிரில் இருப்பவள் எனக்கு எதிர்த்திசையில் ஓர் இடம் போகிறாள். நடுவில் ஒருத்தி தப்பிவிடுகிறாள். எட்டு, ஆறு, நான்கு, இரண்டு, மறுபடி எட்டு. எனக்கு எப்போதுமே இரட்டைப் படைதான் வரும். மூன்றும் ஐந்தும் ஏழும் ஆயுசுக்கும் வராது. நான் நின்றிருந்தால் ஒவ்வொருத்தியாக வந்திருப்பார்கள், ஐந்து வைகாசியிலேயே வந்து போயிருக்கும். நிற்க மாட்டேன் என்று அட்டையைப் போட்டது நான்தான், என் கோபம்தான்.

ஆனி அமாவாசைக்கு அரிசி ஆலைக்குப் போகவே பிடிக்கவில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை. களத்தில் எல்லோரும் வேப்பமரத்தடியில் அட்டையைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஒருத்தி எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்றாள். இன்னொருத்தி ஆடினது வரைக்கும் போதும், கோப்பையைக் கொடுத்துவிடலாம் என்றாள். என்னைப் பார்த்துத்தான் எல்லோரும் பேசினார்கள். வாய் வராமல் நான் நின்றது அன்று ஒரு நாள்தான்.

அப்போது அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து அட்டைக்கு முன் உட்கார்ந்தாள். வாட்ஸ்அப்பில் வந்த நாலு போட்டோவையும் போனில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்புறம் குண்டூசிகளைப் பிடுங்கி 1, 3, 5, 7 நான்கையும் ஒரு பக்கம் வைத்தாள். 2, 4, 6, 8 நான்கையும் இன்னொரு பக்கம்.

"ஒத்தப்படை ஒவ்வொண்ணும் நாலு ரெட்டைப்படையோடயும் ஆடி முடிச்சாச்சு. ஒண்ணும் விட்டுப்போவல. ஒத்தப்படைக்குள்ளயும் ரெட்டைப்படைக்குள்ளயும்தான் ஆடல. நாலு பேருக்குள்ள ஆட மூணு சுத்து போதும். மிச்சம் எத்தினி அமாவாசை?"

"மூணு," என்றாள் படவேட்டு கேப்டன். "இன்னைக்கு, ஆடி, ஆவணி."

"அப்ப இன்னா பிரச்சனை? ஆவணியிலயே முடிஞ்சிடும்."

ஒருத்தி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். நாலும் மூணும் ஏழு. ஒரு ஆட்டம் கூட வீணாகவில்லை, ஒன்று கூட அதிகமாகவில்லை. எட்டும் சுற்றினதால் கெட்டது என்று நான் ஒரு மாதம் அழுதேனே, உண்மையில் பாதிக்கு மேல் வேலை ஒழுங்காக முடிந்திருந்தது.

"ஆனா இந்தத் தடவை நாலு பேர்ல ஒருத்தி நிக்கணும். மத்த மூணு பேர் சுத்தணும். அப்பதான் மூணும் வரும்," என்றாள். "கோர்ட்டுக்குத் தனியாச் சீட்டுப் போடுங்க. நிழலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல." பிறகு முதல் முறையாக என்னைப் பார்த்தாள். "யாரு நிக்கிறது?"

"நான் நிக்கிறேன்," என்றேன்.

அவள் 1ஐ இடது மூலையில் குத்தினாள். பக்கத்தில் 3. கீழே, வரிசைப்படி, 1க்கு நேராக 7, 3க்கு நேராக 5. பழைய வழக்கம், கை அப்படித்தான் போகும். இப்படிப் போட்டால் இன்றைக்கு எனக்கு ஏழு. ஐந்து அடுத்த மாதம். அடுத்த மாதம் ஐந்தாம் எண்ணில் அவள் இருக்க மாட்டாள்.

நான் குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். இருபத்தெட்டு வருடத்துக்கு அப்புறம் முதல் தடவை.

"இல்ல. எனக்கு இன்னைக்கே அஞ்சு வேணும்."

"யக்கா, அதெப்டி உங்க இஷ்டத்துக்கு..." என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"என் இஷ்டத்துக்குத்தான்! அடுத்த அமாவாசைக்கு அவ ஊர்ல இருக்க மாட்டா. மூணு சுத்துல எது மொதல்ல வந்தா உங்களுக்கின்னா? எனக்கு அவளோட ஆடணும். அதுக்குத்தான் இந்த அட்டையே போட்டேன். போதுமா?"

சொல்லிவிட்டேன். சொன்னதும் முகம் எரிந்தது. படவேட்டு கேப்டன்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அத மாசியிலயே சொல்லியிருந்தா அப்பவே நகராம உக்காருன்னு வுட்டிருப்பமே!" 3ஆம் எண்காரர்களும் 7ஆம் எண்காரர்களும் தங்களுக்கு எதுவானாலும் சரி என்றார்கள். அவள் 7ஐயும் 5ஐயும் பிடுங்கி இடம் மாற்றிக் குத்தினாள். குண்டூசி ஒரு தடவை வளைந்துவிட்டது, வேறு எடுத்துக் குத்தினாள்.

வலைக்குக் கீழே கை கொடுத்தோம். அவள் உள்ளங்கை சொரசொரப்பாக இருந்தது. என்ன சொல்வது என்று நான் ஐந்து மாதமாக யோசித்து வைத்தது எல்லாம் போய்விட்டது. "வந்திருக்கணும்டி. பஸ் ஸ்டாண்டுக்கு," என்றேன். அவள், "ஆமா, வந்திருக்கணும்," என்றாள். விசில் அடித்துவிட்டார்கள்.

ஆளுக்கு ஒரு செட் எடுத்தோம். பந்தைப் பின்பக்கமாகத் தூக்குவதற்கு முன்னால் நான் கீழுதட்டைக் கடிப்பேனாம். எனக்கே தெரியாது, எந்த எதிரணிக்கும் இதுவரை தெரிந்ததில்லை. அவள் ஒவ்வொரு தடவையும் பந்து போகிற இடத்துக்கு முன்னாலேயே போய்க் கை தூக்கித் தடுத்தாள். மூன்றாவது தடவை தடுத்துவிட்டு வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னும் ஒதட்டக் கடிச்சிகினுதான் இருக்கியா?" என்றாள். எங்கள் அணிப் பெண்கள் என்னை முறைத்தார்கள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது செட்டில் கடைசிப் புள்ளி அவர்கள் கையில். பந்து என்னிடம் வந்தது. எங்கள் அடிப்பவள் இடது கோடியில் ஓடி வருகிறாள், அவளுக்குத் தூக்க வேண்டும், எனக்குத் தெரியும். ஆனால் வலைக்கு அந்தப் பக்கம் ஓர் இடது கால் எழும்புவது கண்ணில் பட்டது. என் விரல் அதற்குத் தூக்கிவிட்டது. பந்து வலைக்கு மேல் அழகாக மிதந்து, மூன்று வருடம் எங்கே மிதந்ததோ அதே உயரத்தில், அவள் கைக்கு முன்னால் போய் நின்றது. அவள் அடித்தாள். எங்கள் கோர்ட்டில் விழுந்து புழுதி எழும்பியது.

"யக்கா! இன்னாக்கா, அவங்களுக்கே தூக்கிக் குடுத்துட்டே!" என்று எங்கள் அணியே கத்தியது. தோற்றுவிட்டோம். எனக்குக் கொஞ்சம் கூட வருத்தம் இல்லை. அவள் மட்டும் அந்தப் பக்கத்தில் சிரிக்காமல் நின்றாள். அடித்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கலசப்பாக்கம் பெண்கள் முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். நாங்கள் அதை விட்டோம், அடுத்ததையும் விட்டோம். பிள்ளைகளைப் பற்றி, முட்டி வலியைப் பற்றி, ஐதராபாத்தில் அவளுக்கு மொழி தெரியாததைப் பற்றிப் பேசினோம். அந்த மூன்று கடிதத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானே, "இருக்குது, பீரோவுல வெச்சிருக்கேன்," என்றேன். மூன்றாவது பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள், பஸ் நகர்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆடி அமாவாசையில் எங்களுக்கு 7. பக்கத்துக் கோர்ட்டில் ஐந்தாம் எண் அணி மூன்றோடு ஆடியது, அவள் இடத்தில் யாரோ ஒரு சின்னப் பெண். ஆவணியில் எங்களுக்கு 3, அதோடு முடிந்தது. ஒவ்வொருத்தரும் ஒவ்வொருத்தரோடும் ஒரு தடவை, சரியாக ஒரே தடவை. கோப்பை படவேட்டுக்குப் போனது, அந்தக் குரலுக்கு அன்று வேப்பமரத்துக் காக்கை எல்லாம் பறந்துவிட்டது.

மற்றவர்கள் கிளம்பிய பிறகு கை பழக்கத்தில் அட்டைகளை இன்னும் ஓர் இடம் நகர்த்தினேன். 1 நின்றது. மற்ற மூன்றும் சுற்றின. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருந்த படவேட்டு கேப்டன், "அதான் முடிஞ்சிபோச்சே, இன்னும் எதுக்கு நகத்திகினு இருக்கீங்க?" என்றாள். மூன்றாவது நகர்த்தலில் எனக்கு எதிரில் ஐந்து திரும்பி வந்து நின்றிருந்தது. ஆடுவதற்குத்தான் அமாவாசை மிச்சம் இல்லை.

போட்டோ எடுத்து ஐதராபாத்துக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை, போட்டோ மட்டும். பார்த்துவிட்டாள் என்று நீலக் குறி காட்டியது. அன்று பதில் இல்லை, மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் தறியில் இருக்கும்போது போன் அதிர்ந்தது.

"அப்படியே வை. நகத்தாதே."

அட்டை பீரோவுக்கு மேல் இருக்கிறது. தூசி தட்டும்போது சுற்றிலும் துடைப்பேன், குண்டூசியைத் தொடுவதில்லை. அடுத்த மாசிக்குப் புதுப் போட்டி போடச் சொல்கிறார்கள், வேறு பெட்டி மூடி தேட வேண்டும்.